ஒத்தை ஆளுக்கு ஓர் உலை

கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வந்த உறவுகள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, அந்த வீட்டு அடுக்களையில் என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பென்ஷன் மாற்றியாயிற்றா, பத்திரங்கள் எங்கே, இனி அம்மா யாரோடு இருப்பார் என்றெல்லாம் பேசுவோம். நாற்பது ஐம்பது வருஷம் ஒரு குடும்பத்துக்கே சோறு பொங்கிய ஒருத்தி, திடீரென்று தன் ஒருத்திக்காக மட்டும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. பலர் பற்றவைப்பதே இல்லை. காலையில் காப்பியும் இரண்டு பிஸ்கட்டும், மத்தியானம் மோர்ச் சோறும் ஊறுகாயும், ராத்திரிக்குப் பால் என்று நாள்கள் ஓடிவிடுகின்றன.

துக்கத்தில் பசி இல்லை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஏழு பேருக்கு அளவு தெரிந்த கைக்கு ஒருவருக்கு அளவு தெரியாது. எல்லோருடைய நாக்கையும் அறிந்தவளுக்குத் தன் நாக்குக்கு என்ன வேண்டும் என்பதும் மறந்துபோயிருக்கும். இந்த இரண்டும் கற்றுக்கொள்ளக்கூடியவை. அவற்றைக் கற்றுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளியிருக்கும் ஆச்சி அவர். வயது அறுபத்தெட்டு.

ஏழு பேரின் நாக்கு

ஆச்சி கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், கணவர், பிறகு மூன்று பிள்ளைகள். மாமனாருக்குக் காரம் ஆகாது. கொழுந்தனுக்குக் காரம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. கணவருக்குப் பூண்டு வாடையே பிடிக்காது. மூத்தவன் கத்தரிக்காயைத் தொடமாட்டான், மகள் தேங்காய்ச் சட்னி இல்லாமல் இட்லி தின்னமாட்டாள். ஒரே குழம்பை மூன்று பாத்திரத்தில் பிரித்து, ஒன்றில் வத்தல் குறைத்து, ஒன்றில் கூட்டி வைத்த காலம் அது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மீந்திருப்பதே ஆச்சியின் சாப்பாடு. மீனாட்சிப் பாட்டிகளும் முத்தம்மாக்களும் நம் எல்லோர் வீட்டிலும் இப்படித்தான் இருந்தார்கள்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காகச் சம்பளமில்லாமல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று தெரியவந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிஷம். ஐந்து மணி நேரத்தில் பெரும்பங்கு அடுக்களையில் கழிந்த ஒரு வாழ்க்கை, ஒரே நாளில் காரணம் இழந்து நின்றால் என்ன ஆகும்?

ஆச்சிக்கு என்ன ஆயிற்று என்பது எடைபோடும் இயந்திரத்தில் தெரிந்தது. தாத்தா இருந்தபோது ஐம்பத்து நான்கு கிலோ இருந்தவர், பத்து மாதத்தில் நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டார். ரத்தத்திலும் குறைவு. டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது ஆச்சி சொன்ன பதில் இதுதான்: "ஒத்தை ஆளுக்கு என்னத்தைப் பொங்க?"

சென்னையிலிருந்த மகன் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வர ஏற்பாடு செய்தான். நான்கு நாளில் ஆச்சி அதை நிறுத்திவிட்டார். டிபன் கேரியர் நிறையச் சோறும் மூன்று கறியும் வரும். முக்கால்வாசி வீணாகும். சோற்றைக் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை.

சமையல் என்ற பரிசு

சுவீடனில் ஓய்வுபெற்ற பெண்களிடம் சமையலைப் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2000-ல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் சமையலை வேலையாக மட்டும் பார்க்கவில்லை, இன்னொருவருக்குக் கொடுக்கும் பரிசாகப் பார்த்தார்கள். அதனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது சமையலுக்கு அர்த்தமே போய்விடுகிறது. ஆச்சி சொன்ன அந்த ஒரு வரியும் அதே பொருளில் சொன்னதுதான். துணையை இழந்த முதியவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1993-ல் வந்த ஆய்விலும், சாப்பாட்டு வேளையில் இருந்த இன்பம் குறைந்து, பசி குறைந்து, எடையும் குறைவது பதிவாகியிருக்கிறது. தனியாகச் சாப்பிடும்போது நாம் எல்லோருமே குறைவாகத்தான் சாப்பிடுகிறோம். பேச்சும் பக்கத்தில் ஆளும் இருந்தால் இன்னொரு கரண்டி தானாக விழும்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொன்றும் சேர்கிறது. கூச்சம். தாத்தா இறந்த மூன்றாம் மாதம், தெருவில் வந்த பலாச்சுளையை ஆச்சி நின்று வாங்கினார். துக்கம் கேட்க வந்திருந்த ஒரு சொந்தக்கார அம்மா, "அவுக போயி நாலு மாசம் ஆகலை, நாக்கு ருசி கேக்குதோ?" என்றார். சுளை அப்படியே பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் போனது.

இந்தக் கேள்விக்கு வயது மிக அதிகம். புறநானூற்றின் 246-ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவனின் ஈமத்தீயில் இறங்கத் துணிந்து நிற்கும் அவர், தன்னைத் தடுக்கும் சான்றோரிடம், கைம்பெண்ணாக வாழ்வது எப்படிப்பட்டது என்று சொல்கிறார். நெய் தீண்டாத, பிழிந்தெடுத்த நீர்ச் சோறு. வெள்ளை எள்ளை அரைத்த துவையல். புளி சேர்த்து வேகவைத்த வேளைக் கீரை. படுக்கப் பரற்கல், பாய் கிடையாது. இப்படி உயிர்வாழும் பெண் தான் அல்ல என்கிறார். அல்லி அரிசியை உண்டு காலம் கழிக்கும் இன்னொரு பெண்ணின் குரலை இரண்டு பாட்டுத் தள்ளி 248-ல் கேட்கலாம். பிற்காலத்தில் சில சாதிகளில் ஒருவேளைச் சோறு, வெங்காயம் பூண்டு விலக்கு என்று இதே நோன்பு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. இன்று சட்டமாக யாரும் சொல்வதில்லை. ஆனாலும் தனக்காக ஒன்றை ருசித்துச் செய்யும்போது கை தயங்குகிறதே, அது அந்த நோன்பின் மிச்சம்தான்.

உளுந்தஞ்சோறு

ஆச்சிக்கு மாற்றம் வந்தது டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தால் அல்ல. "எதாவது பிடிச்சதைச் சாப்பிடுங்க" என்று அவர் சொல்லியிருந்தார். மகளும் போனில் "ஒனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று கேட்டாள். ஆச்சி வெண்டைக்காய்ப் பச்சடி என்றார். "அது அப்பாவுக்குப் பிடிக்கும். ஒனக்கு?" என்றாள் மகள். அதற்குப் பதில் சொல்ல ஆச்சிக்கு இரண்டு நாள் ஆனது. கல்யாணத்துக்கு முன்னால், தன் அம்மா வீட்டில் சாப்பிட்ட உளுந்தஞ்சோறு. பூண்டு நிறையப் போட்டது.

நெல்லைப் பக்கம் தெரியாதவர்களுக்கு: தோல் நீக்காத கறுப்பு உளுந்தை உடைத்து, வறுத்து, அரிசியோடு சேர்த்துப் பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல் போட்டு வேகவைப்பது உளுந்தஞ்சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மேலே நல்லெண்ணெய். வயதுக்கு வந்த பெண்களுக்கு இடுப்பு வலுவுக்கென்று செய்துகொடுப்பார்கள். தாத்தாவுக்குப் பூண்டு ஆகாது என்பதால் இந்த வீட்டில் இரண்டு பல்லோடு பேருக்குச் செய்வது வழக்கம், பிறகு அதுவும் நின்றுபோனது.

முதல் நாள் ஆச்சி பழைய கைப்பழக்கத்தில் ஒரு தம்ளர் அரிசியும் அரைத் தம்ளர் உளுந்தும் எடுத்துவிட்டார். மூன்று வேளை தின்றும் தீரவில்லை. அடுத்த முறை எல்லாவற்றையும் நாலில் ஒன்றாக்கி அதே ஐந்து லிட்டர் குக்கரில் நேராகப் போட்டார். அடிப்பிடித்துப் போனது. உளுந்து நுரைத்து வெயிட் வழியாகப் பொங்கியும் வழிந்தது. "ஏழு பேருக்கு ஒரு நாளும் தப்பினது கெடையாது. எனக்குன்னு செஞ்சா தப்புது" என்றார் என்னிடம். அதில் வருத்தத்தைவிட ஆர்வம்தான் கூடுதலாக இருந்தது. அடுத்த ஒரு மாதம், ஒத்தை ஆள் அளவு என்ற கணக்கை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்தார்.

அவர் இப்போது செய்யும் விதம் இது. 200 மில்லி தம்ளரில் கால் தம்ளர் அரிசி. அதோடு இரண்டு மேஜைக்கரண்டி உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை இருப்புச்சட்டியில் எண்ணெயில்லாமல் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். தோல் கறுப்பாக இருப்பதால் நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. உள்பக்கம் தெரியும் வெள்ளை இளம் பொன்னிறமாகி, வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். அரிசியும் உளுந்தும் கழுவி, ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, எட்டுப் பூண்டுப் பல், கால் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு, ஒன்றேகால் தம்ளர் தண்ணீர். கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி, அடியில் ஒன்றரைத் தம்ளர் தண்ணீர் ஊற்றிய மூன்று லிட்டர் குக்கருக்குள் வைத்து நான்கு விசில். ஆவி தானாக அடங்கும் வரை திறப்பதில்லை.

கிண்ணத்துக்குள் வைப்பதில்தான் சூட்சுமம். குக்கருக்கு ஆவி உண்டாக ஒரு குறைந்தபட்சத் தண்ணீர் வேண்டும். நாம் போடும் அரிசி குறைந்தாலும் அந்தத் தண்ணீர் குறையக் கூடாது. வெளியில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகும், கிண்ணத்துத் தண்ணீர் அரிசிக்கே கிடைக்கும். நுரையும் வெயிட்டை எட்டாது.

எள்ளுத் துவையலுக்கு ஒன்றரை மேஜைக்கரண்டி எள். வெறும் சட்டியில் படபடவென்று பொரியும் சத்தம் குறைந்ததும் தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் கருகும், கருகின எள் கசக்கும், பிறகு எதைப் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. துளி எண்ணெயில் இரண்டு வத்தல். சுண்டைக்காய் அளவு புளி, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய், உப்பு. இந்த அளவு மிக்ஸியின் பெரிய ஜாரில் பிளேடுக்கே எட்டாது, சுற்றிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சட்னி ஜார் இருந்தால் விட்டுவிட்டு ஓட்டலாம். ஆச்சி கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த அம்மியை நிமிர்த்திக்கொண்டார். ஏழு பேருக்கு அரைக்கும்போது சுமையாக இருந்த அம்மி, ஒரு உருண்டை துவையலுக்கு இரண்டு நிமிஷ வேலை.

பெருங்கோப்பெண்டு தள்ளிவைத்த அந்த எள்ளுத் துவையல்தான் இது. நெய்யில்லாத சோற்றோடு நோன்பாக விதிக்கப்பட்டது, நல்லெண்ணெயும் பூண்டும் சேர்ந்து இங்கே ஒரு கைம்பெண் ஆசைப்பட்டுச் செய்துகொள்ளும் சாப்பாடாகியிருக்கிறது. உடம்புக்கும் இது நல்ல கணக்கு. ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ பெண்ணுக்கு ஏறக்குறைய 42 கிராம். இந்த ஒரு தட்டில் அரிசி, உளுந்து, எள் மூன்றும் சேர்ந்து பன்னிரண்டு கிராம் அளவுக்கு வந்துவிடும். மோர்ச் சோறும் ஊறுகாயும் அதில் பாதியைத் தருவதே கடினம்.

ஏன் வெறுமனே வகுத்தால் வராது?

நாலு பேர் அளவை நாலால் வகுத்தால் ஒருவர் அளவு வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ரசம் வைத்துப் பார்த்தால் தெரியும். தண்ணீர் எவ்வளவு வற்றும் என்பதைப் பாத்திரத்தின் வாய் அகலமும் கொதிக்கும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. அகலமான பாத்திரத்தில் ஒன்றரைத் தம்ளர் ரசம் வைத்தால், அரைத் தம்ளர் ஆவியாகிப் போய், மீதி உப்புக் கரிக்கும். அதனால் பாத்திரம் வாய் குறுகலாக இருக்க வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உப்பைக் கடைசியில் போட வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு ஏழு பேர் குழம்பில் தெரியவே தெரியாது, ஒருவர் குழம்பில் அதுவே எல்லாவற்றையும் கெடுக்கும்.

தாளிப்பும் அப்படித்தான். அரைத் தேக்கரண்டி எண்ணெயைப் பெரிய சட்டியில் விட்டால் அது பரவிப்போகும், கடுகு மூழ்காமல் கருகும். குழிவான இரும்புத் தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெய் குட்டையாகத் தேங்கி, கடுகு ஒழுங்காக வெடிக்கும். ஆச்சி புதிதாக வாங்கியவை இந்தக் கரண்டியும், முக்கால் லிட்டர் பிடிக்கும் ஈயச் சொம்பும், சிறு குக்கரும் மட்டுமே. பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டார். கை எட்டும் இடத்தில் பெரிய பாத்திரம் இருந்தால் கை தானாக அதைத்தான் எடுக்கும் என்றார்.

இட்லி மாவுக்கு ஒரு தம்ளர் புழுங்கலரிசி, கால் தம்ளர் உளுந்து. முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, புளிப்பு ஏறிய கடைசி நாள் வெங்காயம் போட்ட பணியாரம். காய் வாங்குவதில் காலே கால் கிலோ என்று கேட்கக் கூச்சப்பட்டவர், இப்போது உழவர் சந்தையில் இரண்டு கத்தரிக்காய், ஒரு வாழைக்காய், நாலு வெண்டைக்காய் என்று எண்ணி வாங்குகிறார். மீந்த சோற்றில் மட்டும் கறாராக இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். கொதியிலும் சாகாத ஒருவகைப் பாக்டீரியா விதைகள் சோற்றில் தங்கி, வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். பிறகு சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

தேடிக் கண்டெடுத்த நாக்கு

அளவு பிடிபட்ட பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஆச்சி ஒவ்வொன்றாகச் செய்துபார்க்கத் தொடங்கினார். சாம்பாரில் அவருக்குப் பருப்பு குறைவாக, புளி தூக்கலாக இருக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் அவர் வைத்தது கட்டியான சாம்பார். பாகற்காயை வெல்லம் போடாமல் கசக்கக் கசக்க வதக்கிச் சாப்பிடப் பிடிக்கிறது. காப்பி பிடிக்கவே பிடிக்காதாம். தாத்தாவோடு சேர்ந்து குடித்ததால் குடித்தார். இப்போது சுக்கும் மல்லியும் போட்ட கருப்பட்டித் தண்ணீர். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மணி பார்த்துச் சாப்பிடுவதை விட்டு, பசிக்கும்போது சாப்பிடுகிறார். அது சில நாள் பதினொன்று, சில நாள் இரண்டு.

"ருசி பாத்துச் செய்யும்போது அவுகளை மறந்துட்ட மாதிரி இருக்காதா ஆச்சி?" என்று கேட்டேன்.

"மறக்க முடியுமாடி? வெண்டைக்காய் நறுக்கும்போதெல்லாம் அவுக நெனப்புதான். ஆனா அது அவுகளுக்கு. இது எனக்கு. ரெண்டும் இருக்கட்டுமே" என்றார்.

இது எல்லோருக்கும் இப்படி நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சமையலைச் சுமையாகவே சுமந்தவர்களுக்கு, அதிலிருந்து விடுபட்டதே பெரிய நிம்மதியாக இருக்கும். அவர்களுக்கு நல்ல மெஸ் சாப்பாடே சரி. ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் உடல் எடையில் நூற்றில் ஐந்து பங்கு தானாகக் குறைந்தால், அதாவது ஐம்பது கிலோவில் இரண்டரைக் கிலோ போனால், அது சமையலால் மட்டும் தீர்கிற விஷயமல்ல. டாக்டரைப் பார்த்தாக வேண்டும். நாக்கின் உணர்வும் மூக்கின் உணர்வும் வயதோடு மங்குவதால், கை உப்பைக் கூட்டிக்கொண்டே போகும். ஆச்சிக்கும் அது நடந்தது. ரத்த அழுத்தம் ஏறியதும், உப்புக்குப் பதிலாகப் புளி, மிளகு, எலுமிச்சையைக் கூட்டக் கற்றுக்கொண்டார். நாளெல்லாம் சேர்த்து உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

தனியாக இருக்கும் அம்மாவுக்கு உதவ நினைக்கும் பிள்ளைகள், டப்பா டப்பாவாகப் பொடி அனுப்புவதற்கு முன் ஒரு சிறு குக்கரும் தாளிப்புக் கரண்டியும் வாங்கிக்கொடுக்கலாம். போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் ஆச்சு என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "இன்னிக்கு என்ன பொங்கினே, நல்லா வந்துச்சா?" என்று கேட்டால் பத்து நிமிஷம் பேச்சு நீளும், உண்மையில் என்ன சாப்பிட்டார் என்பதும் தெரியும்.

போன தீபாவளிக்கு ஆச்சி வீட்டுக்குப் பிள்ளைகள் மூவரும் குடும்பத்தோடு வந்தார்கள். பரணிலிருந்து பெரிய பாத்திரங்கள் இறங்கின, அவரவர்க்குப் பிடித்தது அவரவர்க்குக் கிடைத்தது. ஆனால் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டை ஆச்சிதான் முடிவுசெய்தார். பூண்டு மணக்க உளுந்தஞ்சோறு, புளி தூக்கிய சாம்பார், கசக்கும் பாகற்காய். மகன் பாகற்காயை ஓரமாக ஒதுக்கியபோது, "எனக்குப் பிடிக்கும்ல, அதான் வச்சேன்" என்றார். அந்த வீட்டில் அப்படி ஒரு காரணம் சொல்லி ஒரு கறி இலைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆச்சியின் எடை இப்போது ஐம்பத்தொன்று.